சூடானால் நிற்கும் மின்விசிறி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் எங்கள் கடைக்கு ஒரே முறைப்பாடுதான் வருகிறது: "நிலை மின்விசிறி ஒரு மணித்தியாலம் ஓடுகிறது, பிறகு நிற்கிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது." மோட்டார் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுவருவதற்குள் அது ஆறிவிடும். எங்கள் மேசையில் நல்ல பிள்ளையாகச் சுற்றும். உடனே கண்டன்சரை மாற்றிக் கொடுப்பது இலகு. ஆனால் பழுது அங்கே இல்லாவிட்டால் உங்கள் காசுதான் வீண்.

ஆகவே, மின்விசிறி நின்ற அந்தக் கணத்தில் அணைத்துவிடாமல் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் உறுமுகிறதா, அல்லது சத்தமே இல்லையா? பிறகு பிளக்கைக் கழற்றி, முன்கூட்டை எடுத்து, இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். சூட்டில் இறுகி, ஆறியபின் இலகுவாகச் சுழன்றால், மோட்டார்த் தண்டைத் தாங்கும் புஷ் எண்ணெயின்றி வறண்டுவிட்டது. இலகுவாகச் சுழன்றும் உறுமல் மட்டும் கேட்டிருந்தால் கண்டன்சரையோ அதனோடு சேர்ந்த மோட்டார்க் கம்பிச் சுற்றையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் எங்கோ இணைப்பு அறுபடுகிறது. தலை ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் நின்றால் அது சூடே அல்ல, கழுத்தில் மடிந்து மடிந்து முறிந்த வயர். வெப்பப் பியூஸைப் பலர் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான மின்விசிறிகளில் அது ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், ஆறியதும் உயிர்பெறாது.

அண்மையில் கல்லடியிலிருந்து வந்த ஒன்று சத்தமின்றி நிற்கும் வகை. கடையில் கடற்காற்றில் அது நிற்கவே இல்லை. மோட்டாரின் பின்பக்கக் காற்றுத் துளைகளைத் துணியால் பாதி மறைத்து, பக்கத்திலேயே இருந்து ஓடவிட்டோம். (வீட்டில் இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கலாம்.) இடையிடையே பிளக்கைக் கழற்றி, வேகப் பொத்தான் அழுத்தியபடியே இருக்க, பிளக்கின் இரு கால்களிலும் மீற்றர் வைத்துத் தடையை அளந்தோம். குளிரில் 300 ஓம், சூட்டில் 350. இதில் பழுதில்லை; செம்புக்கம்பி 50 பாகை சூடேறினால் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். மின்விசிறி நின்றதும் மீற்றர் எதையும் காட்டவில்லை. ஆறியதும் 300 திரும்பியது.

மோட்டாரைத் திறந்தபோது, சுற்றுக்கம்பி வெளிவயரோடு சேரும் இடத்தில், காப்புக் குழாய்க்குள் ஈயப்பற்று கறுத்திருந்தது. கம்பியின் மேற்பூச்சைச் சரியாகச் சுரண்டாமல் ஒட்டியிருக்கிறார்கள். சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் தொடும். சுரண்டி மறுபடி ஒட்டியதும் வேலை முடிந்தது. பற்று அல்ல, சுற்றுக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தால் மோட்டாரை மாற்றுவதே மலிவு.

இனி மின்விசிறியைக் கொண்டுவரும்போது ஒரு துண்டுத் தாளும் சேர்த்துக் கட்டுங்கள்: எவ்வளவு நேரம் ஓடி நின்றது, உறுமியதா, எவ்வளவு நேரத்தில் மீண்டது. நிற்கும்போது கைபேசியில் பிடித்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது, சத்தமும் கேட்கும். இப்படிப்பட்ட பழுதுக்கு ஒரு முழுநாள் கடையில் விட்டுவிட்டுப் போங்கள். அது நிற்கும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் கடையினர், மட்டக்களப்பு