பிரசுர வரிசை ஏழரை மணி நேரம் தேங்கியமை தொடர்பான முறைப்பாடு

கிளிநொச்சி

முகாமையாளர் அவர்கட்கு,

வன்னியில் மரண அறிவித்தல்களை இணையத்தில் வெளியிடும் சிறு நிலையம் ஒன்றைத் தங்களது பிரசுர மென்பொருளைக் கொண்டே நடத்தி வருகிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை காலை 6.10க்குச் சற்றுப் பின்னர் நான் பதிவேற்றிய, ஒட்டுசுட்டான் குடும்பமொன்றின் அறிவித்தல் பிற்பகல் 1.40க்கே வெளிவந்தது. தகனக்கிரியை முற்பகல் 11 மணிக்கே நிறைவேறிவிட்டது. பத்து ஆண்டுகளாக நான் தேடிய நம்பிக்கை ஒரே நாளில் முற்றாக அழிந்தது.

காரணம் தங்களுக்குத் தெரியாததன்று. வரிசையின் தலையில் பழுதடைந்த படக் கோப்புடன் ஓர் அறிவித்தல் நின்றது. மென்பொருள் அதனை இரண்டு நிமிடம் முயன்று, தோற்று, மீண்டும் தலையிலேயே வைத்தது. இவ்வாறு 225 முறை. பின்னால் நின்ற எட்டு அறிவித்தல்களும், ஒட்டுசுட்டான் குடும்பத்தினது உட்பட, அசையவில்லை.

மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். "வரிசையில் ஒன்பதுதான் இருக்கிறது, அது நெருக்கடி இல்லை" என்றே மூன்று முறையும் பதில் வந்தது. எத்தனை நிற்கின்றன என்பதை மட்டும் எண்ணினால் ஒன்பது குறைவான தொகைதான். ஆனால் மிகப் பழையது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்த்திருந்தால், அரை மணி நேரத்திலேயே எச்சரிக்கை எழுந்திருக்கும். அமேசானின் வரிசைச் சேவையில் இதற்கென்றே ApproximateAgeOfOldestMessage என்ற அளவீடு இருக்கிறது.

இத்தோல்விகளைக் காட்டும் பதிவேட்டை அச்சிட்டுக்கொண்டு இரவுப் பேருந்தில் கொழும்புக்கு வந்தேன். தங்கள் அலுவலர் அந்தத் தாளைத் தொடவே இல்லை. "உங்கள் பக்கத்து இணைப்பைச் சரிபாருங்கள், வன்னியில் அப்படித்தான்" என்றார். என் இணைப்புக்கும் தங்கள் சேவையகத்தில் நடந்த 225 தோல்விகளுக்கும் என்ன தொடர்பு? அந்தச் சொல்லை நான் மறக்கப் போவதில்லை.

வழி திறந்ததும் நானே. பழுதான அறிவித்தலை அழித்தேன். பத்து நிமிடத்தில் எட்டும் வெளிவந்தன. அழித்த அறிவித்தலை அதற்குரிய குடும்பத்தாரிடம் மீண்டும் கேட்டு எழுத நேர்ந்தது. அழிக்கும் நிலையே வந்திருக்கக் கூடாது. ஐந்து முறை தோற்றதை, தோல்விக்கான காரணத்துடனும் முதலில் பதிவேற்றிய நேரத்துடனும், தனியான நிறுத்திவைப்புப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். மேற்சொன்ன சேவையில் maxReceiveCount என்று எல்லை வைப்பதும் இதற்காகவே. இணைப்புத் தடங்கல் போன்ற தற்காலிகத் தோல்விகளும் இருப்பதால், ஐந்து முயற்சிகளுக்கும் இடையில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஐந்தும் பத்து நிமிடத்தில் முடிந்தால் நல்ல அறிவித்தலும் அங்கே போய்விடும். அப்பட்டியலில் ஒன்று விழுந்தவுடன் எனக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும், இல்லையேல் அது அங்கேயே கிடந்து மறக்கப்படும். படத்தைத் திருத்தியபின் அங்கிருந்தே மீண்டும் வரிசைக்கு அனுப்பவும் இயல வேண்டும்.

இவற்றை எப்போது செய்வீர்கள் என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பதிவேட்டின் பிரதியுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

இங்ஙனம்,
நிலைய உரிமையாளர்