ஆய்வேட்டை இரண்டாகப் பிரிக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய ஆய்வேட்டை நேற்று இரவுதான் படித்து முடித்தேன். தர்மபுரி மாவட்டத்தில் 46 போர்வெல்களின் தண்ணீரை மே மாதம் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை எடுத்துச் சோதித்திருக்கிறாய். அதே ஊர்ப் பள்ளிகளில் 300 பிள்ளைகளின் பல்லில் ஃப்ளூரைடால் வரும் கறை இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறாய். வெயிலில் கேனைத் தூக்கிக்கொண்டு நீ அலைந்தது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அதனால்தான் நீ கேட்டதற்குச் சட்டென்று "சரி" என்று பதில் போட மனம் வரவில்லை.

மே மாத முடிவுகள் ஒரு கட்டுரை, ஜனவரி முடிவுகளும் பல் அத்தியாயமும் சேர்ந்து இன்னொரு கட்டுரை என்று பிரிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நான் என் ஆய்வேட்டை அப்படித்தான் பிரித்தேன். மழைக்கு முந்தைய தண்ணீர் ஒரு இதழுக்குப் போனது, ஏழு மாதத்தில் வெளிவந்தது. மழைக்குப் பிந்தையதை வேறொரு இதழுக்கு அனுப்பினேன். அதைப் படித்த ரெவ்யூவர் முதல் கட்டுரையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதே கிணறுகள், அதே கேள்வி, அதே முறை, மாதம் மட்டும் வேறு. இரண்டையும் ஒப்பிட்டால்தான் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கும், அந்த ஒப்பீடு இரண்டு கட்டுரையிலும் இல்லை என்று எழுதியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்னது சரி. என்னிடம் இருந்த ஒரே நல்ல விஷயத்தை நானே நடுவில் வெட்டியிருந்தேன். முதல் பாதி அச்சாகிவிட்டதால் அதைத் திரும்ப ஒட்டவும் வழியில்லை.

உன் எக்செல் ஷீட்டைத் திற. ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று பார். தண்ணீர் ஷீட்டில் ஒரு வரி என்றால் ஒரு கிணறு. பல் ஷீட்டில் ஒரு வரி என்றால் ஒரு பிள்ளை. உன் ஆய்வேடு பிரிய வேண்டிய இடம் அதுதான். மேயும் ஜனவரியும் ஒரே கிணற்றின் இரண்டு அளவுகள், அவற்றைப் பிரிக்கக் கூடாது. கிணறும் பிள்ளையும் வேறு வேறு. கேள்வி வேறு, புள்ளியியல் வேறு, படிக்கிறவர்களும் வேறு. முதல் கட்டுரையை நிலத்தடி நீர் ஆட்கள் படிப்பார்கள், இரண்டாவதைப் பல் மருத்துவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் படிப்பார்கள்.

முதல் கட்டுரைக்கு ஒரே கேள்வி போதும்: உன் கிணறுகளில் ஃப்ளூரைடு எங்கே ஏறுகிறது, ஏன் ஏறுகிறது? அந்தப் பகுதியின் கடினப்பாறைகளில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. ஃப்ளூரைடு அவற்றிலிருந்து வருகிறது. வந்த ஃப்ளூரைடு தண்ணீரிலேயே தங்குமா என்பதைப் பெரும்பாலும் கால்சியம் தீர்மானிக்கிறது. கால்சியம் நிறைய இருந்தால் இரண்டும் சேர்ந்து CaF2 என்ற ஃப்ளூரைட் கனிமமாகப் படிய வாய்ப்பு உண்டு, ஃப்ளூரைடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கால்சியம் கால்சைட்டாகப் படிந்து குறைந்துபோய், சோடியமும் பைகார்பனேட்டும் மிஞ்சிய தண்ணீரில் அந்தத் தடை இல்லை, ஏறிக்கொண்டே போகும். உன் 71ஆம் பக்கத்தில் கால்சியத்துக்கு எதிராக ஃப்ளூரைடைப் போட்ட படம் இதை அழகாகக் காட்டுகிறது. அந்தப் படம்தான் முதல் கட்டுரை. அதற்கு உதவுவதை வைத்துக்கொள், உதவாததை எடுத்துவிடு.

வைக்க வேண்டியவை: நீரின் வகையைக் காட்டும் பைப்பர் படம், PHREEQC மென்பொருளில் நீ கணக்கிட்ட ஃப்ளூரைட், கால்சைட் செறிவுக் குறியீடுகள், ஃப்ளூரைடுக்கு மட்டும் ஒரு வரைபடம், மே–ஜனவரி ஒப்பீடு. இந்த ஒப்பீட்டுக்குத் தாராளமாக இடம் கொடு. மழைக்குப் பிறகு சில கிணறுகளில் ஃப்ளூரைடு குறைந்திருக்கிறது, சிலவற்றில் கூடியிருக்கிறது. நீ எல்லாக் கிணற்றுக்கும் சராசரி எடுத்து "பெரிய மாற்றம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஒவ்வொரு கிணற்றையும் அதன் இன்னொரு அளவோடு ஜோடியாக வைத்துப் பார். எந்தக் கிணறுகளில் மழைநீர் கலந்து நீர்த்துப்போனது, எந்தக் கிணறுகளில் மேல்மண்ணின் உப்பு கரைந்து இறங்கியது என்பது குளோரைடையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

எடுக்க வேண்டியதில் முதலாவது, பாசனத்துக்கு ஏற்ற நீரா என்ற 19 பக்க அத்தியாயம். சோடியம் விகிதம், வில்காக்ஸ் படம் எல்லாம் நம் ஊர் நிலத்தடி நீர் ஆய்வேடுகளில் வழக்கமாக வருபவை. கைடு போடச் சொல்வார், நாமும் போடுவோம். ஆனால் அது வேறு கேள்விக்கான பதில், இங்கே ஒட்டாது. நீர்த்தரக் குறியீடும் அப்படித்தான். எல்லா அளவுகளையும் ஒரே எண்ணாக அரைத்துவிட்டால் நீ தேடிய ஃப்ளூரைடே அதற்குள் காணாமல் போய்விடும். எட்டுக் கிணறுகளில் மட்டும் பார்த்த கன உலோகங்களையும் விட்டுவிடு. ஆய்வேட்டில் 34 பக்கம் ஓடும் முந்தைய ஆய்வுகள் இங்கே மூன்று பத்தியாகச் சுருங்கும், அதற்காக வருந்தாதே.

வெட்டுவதற்கு முன் ஒன்று செய். 92 மாதிரிகளுக்கும் அயனிச் சமநிலையைக் கணக்கிடு. எல்லா அளவுகளையும் மில்லி ஈக்குவலண்டுக்கு மாற்றி, நேர் அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையைக் கழித்து, இரண்டின் மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்கு. ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் அந்த மாதிரியில் ஏதோ ஓர் அளவு தவறு. நீ கொடுத்த பின்னிணைப்பை வைத்து நான் போட்டுப் பார்த்ததில் நான்கு மாதிரிகள் தாண்டுகின்றன. நான்கும் ஜனவரியில் ஒரே நாளில் எடுத்தவை, நான்கிலும் எதிர் அயனிதான் குறைகிறது. அன்றைக்கு பைகார்பனேட்டை அங்கேயே பார்க்காமல் லேபுக்குக் கொண்டுவந்து சில நாள் கழித்துப் பார்த்தாயா? உன் ஃபீல்டு நோட்டில் இருக்கும். காரணம் தெரிந்தால் அந்த நான்கையும் நீக்கிவிட்டு, நீக்கியதையும் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடு. சொல்லாமல் நீக்காதே.

இரண்டாவது கட்டுரைதான் எனக்குக் கவலை தருகிறது. பல் நிறமாற்றத்தை டீன் குறியீட்டில் பதிவு செய்திருக்கிறாய், நல்லது. ஆனால் இன்றைக்குக் கிணற்றில் இருக்கும் ஃப்ளூரைடையும் இன்றைக்கு அந்தப் பிள்ளையின் பல்லில் இருக்கும் கறையையும் நேராக இணைத்துத் தொடர்பு காட்டியிருக்கிறாய். நிலைத்த பற்களின் எனாமல், ஞானப்பல் தவிர, சுமார் எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். பதினான்கு வயதுப் பெண்ணின் பல் அவள் சின்ன வயதில் குடித்த தண்ணீரைச் சொல்கிறது, போன மே மாதத் தண்ணீரை அல்ல. நடுவில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளூரைடு பிரச்சினைக்காகவே கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஓர் ஊரில் அந்தக் குழாய்த் தண்ணீர் எந்த ஆண்டு வந்தது, வந்த பிறகும் வீட்டில் போர்வெல் தண்ணீரைத்தான் குடித்தார்களா என்பது தெரியாமல் அந்தத் தொடர்புக்கு அர்த்தம் கிடையாது.

நல்லவேளை, உன் கேள்வித்தாளில் 9ஆம் கேள்வி "பிறந்ததிலிருந்து இதே ஊரா", 11ஆம் கேள்வி "குடிநீர் எங்கிருந்து, எந்த ஆண்டு முதல்". ஆய்வேட்டில் இந்த இரண்டையும் நீ தொடவே இல்லை, பின்னிணைப்பில் தூங்குகின்றன. இரண்டாவது கட்டுரையை இவற்றின் மேல் கட்டு. பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருப்பவர்களை மட்டும் எடு. முதல் எட்டு வயதுவரை போர்வெல் தண்ணீர் குடித்தவர்கள், இடையில் மாறியவர்கள், ஆரம்பத்திலிருந்தே குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள் என்று பிரித்துப் பார். 300 பேர் 180 ஆகக் குறையலாம், பரவாயில்லை. ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள் என்பதால் அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணிக் கணக்குப் போட முடியாது, ஊர்வாரித் தொகுப்பாக எடுத்துக்கொள்ளும் மாடல் வேண்டும். இதற்கு உங்கள் புள்ளியியல் துறையில் யாரையாவது இப்போதே பிடி.

முதல் கட்டுரையிலிருந்து இரண்டாவதற்கு வர வேண்டியது ஊர்வாரி ஃப்ளூரைடு என்ற ஒரே ஒரு நெடுவரிசை எண்கள்தான். அட்டவணையை மறுபடி அச்சிடாதே, முதல் கட்டுரையை மேற்கோள் காட்டு. ஆய்வுப் பகுதி விவரிப்பும் மாதிரி எடுத்த முறையும் இரண்டிலும் வந்துதான் ஆக வேண்டும், இரண்டாவதில் நான்கு வரியில் புதிதாக எழுது. அனுப்பும்போது ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில், இது ஒரு முதுகலை ஆய்வேட்டிலிருந்து வருவது, இன்னொரு கட்டுரை இன்ன கேள்வியோடு இன்ன நிலையில் இருக்கிறது என்று நீயே சொல்லிவிடு. முதலாவது அச்சாகும் முன் இரண்டாவதை அனுப்புவதாக இருந்தால் அதன் பிரதியையும் இணைத்துக் கொடு. நான் இதைச் சொல்லாமல் விட்டதால்தான் ரெவ்யூவர் தானே கண்டுபிடிக்கும்படி ஆனது.

பல் பார்த்த டாக்டர் அம்மாவுக்கு ஆய்வேட்டில் நன்றி மட்டும் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு பிள்ளையின் பல்லையும் பார்த்து மதிப்பெண் போட்டவர் அவர். இரண்டாவது கட்டுரையை எழுதுவதில் பங்கெடுக்க முடியுமா என்று கேள். எடுத்தால் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். முதல் கட்டுரையில் தேவையில்லை. இதை உன் கைடிடம் எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடு. வரைவு முடிந்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் ஆய்வேட்டில் எங்கும் இல்லை. தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம் மட்டும் இருக்கிறது. பிள்ளைகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அது போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி குழுவின் அனுமதி வேண்டும், பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு பின்தேதியில் அனுமதி வாங்க முடியாது. உன் துறையில் ஆய்வைத் தொடங்கும்போதே மொத்தமாக வாங்கி வைத்திருக்கலாம், அலுவலகத்தில் கேட்டுப் பார். எண்ணும் தேதியும் கிடைத்து, அந்தத் தேதி உன் முதல் பள்ளிக்கு முந்தியதாக இருந்தால் இரண்டு கட்டுரை. இல்லையென்றால் கிணற்றுக் கட்டுரை மட்டும், அதை நாம் நன்றாக எழுதுவோம்.

திங்கள்கிழமை ஆபீஸ் திறந்ததும் போய்க் கேட்டுவிட்டு எனக்கு போன் பண்ணு. ஜனவரி ஃபீல்டு நோட்டையும் கையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா