குடியாத்தம் பஸ்ஸில் ஒரு தலையணை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. வளைகாப்பு முடிந்து மகளைக் குடியாத்தத்துக்கு அழைத்து வந்துவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. இங்கே பேரனுக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறான், எனக்கும் அதே வேலை.

மகள் இரவில் நாலைந்து முறை எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் படுக்கிறாள், புரண்டால் பிள்ளையைத் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்று உன் மாமியார் சொல்கிறார் என எழுதியிருந்தாய். என் வீட்டிலும் இதே கதைதான். தாய் புரள்வதால் கொடி சுற்றுவதில்லை. வயிற்றுக்குள் பிள்ளை போடும் குட்டிக்கரணத்தில்தான் சுற்றுகிறது. அவளைத் தாராளமாகப் புரளச் சொல். கட்டிலை விட்டு இறங்கும்போது மட்டும் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழட்டும்.

28 வாரம் கடந்த பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கப் போகக் கூடாது என்பது உண்மை. காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரை முதுகெலும்பை ஒட்டி, சற்று வலப்பக்கமாக ஓடுகிறது. கருப்பையின் பாரம் அதன்மேல் இறங்கினால் இரத்தம் மேலேறுவது குறைகிறது. இடப்பக்கம் நல்லது என்று சொல்வது அதனால்தான். அதற்காக வலப்பக்கம் படுத்தால் குற்றமில்லை. என் மகள் எட்டாம் மாதக் கத்திரி வெயிலில், ஒருநாள் மல்லாந்த நிலையில் கண்விழித்துவிட்டு விடியும்வரை அழுதாள். கண் விழித்ததும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தூங்கினாள்.

தலையணை விஷயத்தில் முதலில் நானே தப்பு செய்தேன். முழங்கால்களுக்கு நடுவே சின்னத் தலையணை ஒன்றைச் செருகினேன். காலையில் இடுப்பு வலிக்கிறது என்றாள். இரண்டு நாள் கழித்து அவள் தூங்கும்போது பின்னால் நின்று பார்த்தேன். முழங்கால் மேலே இருக்கிறது, கணுக்கால் கீழே தொங்குகிறது, அதன் இழுப்பில் இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை எட்டும் நீளத் தலையணை வைத்ததும் மேல்கால் ஒரே மட்டத்தில் நின்றது. வயிறு பாயை நோக்கிச் சரியாமலிருக்க, பழைய நூல் புடவையை நாலாக மடித்து அடியில் லேசாகச் செருகினேன். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை. அதில் கொஞ்சம் சாய்ந்துகொண்டால் அடியிலிருக்கும் இடுப்பின் பாரம் குறையும், முழுதாக மல்லாந்துவிடவும் விடாது. கடையில் விற்கும் வளைந்த பெரிய தலையணையைச் சம்பந்தி வீட்டார் வாங்கித் தந்தார்கள். வேலூர் வெயிலுக்கு அது அடுப்பைக் கட்டிக்கொண்டு படுப்பது மாதிரி. இலவம் பஞ்சுதான் சரிப்பட்டது.

கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும் குரக்களி பற்றியும் கேட்டிருந்தாய். நள்ளிரவில் என் மகள் போட்ட அலறலுக்குப் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. தூக்கத்தில் கால்விரல்களைக் கூர்மையாக நீட்டிச் சோம்பல் முறிப்பாள், உடனே கெண்டைக்கால் கல்லாக இறுகும். அப்போது முழங்காலை நேராக்கி, பாதத்தை முழங்காலை நோக்கி மடக்க வேண்டும். எட்டாம் மாத வயிற்றோடு தன் பாதம் அவளுக்கு எட்டாது. நான் பிடித்துத் தள்ளுவேன். தனியாக இருந்தால் சுவரைப் பிடித்து எழுந்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கலாம். படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தூக்காமல் அரை நிமிடம் சாய்ந்து நிற்கச் சொல். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று முறை. இதைத் தொடங்கிய பிறகு இரவு அலறல் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது, அடியோடு போகவில்லை. மக்னீசியம் மாத்திரையால் சிலருக்கு மட்டுமே பலன் தெரிகிறதாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்கிவிடாதே.

ஒன்றை மட்டும் கவனி. குரக்களி சில நிமிடங்களில் விட்டுவிடும், மறுநாள் சதை கன்றியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, வலி விடாமல் நின்றால் அது குரக்களி அல்ல. சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் போட்டுத் தேய்க்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

என் மகளின் நீளத் தலையணையை இன்று மொட்டை மாடியில் காய வைத்திருக்கிறேன். பேரன் இரண்டு முறை நனைத்துவிட்டான், உறையை மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை குடியாத்தம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். மாமியாரிடம் கொடி விஷயத்தை நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
உன் காட்பாடித் தோழி