வடசென்னை ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு லேப் டெக்னீஷியனின் மடல்

அன்புள்ள மாஸ்டர்களுக்கு,

வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் 14 வருடமாக வேலை செய்கிறேன். விந்து மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து உயிரணு எண்ணுவதும் என் வேலைதான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து நல்ல உடற்கட்டோடு வரும் சில பையன்களின் மாதிரியில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு உயிரணு கூட இருப்பதில்லை. உடம்பு ஏற்றும் ஆண் ஹார்மோன் ஊசியை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியது உங்களில் சிலர்தான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வயது 27. கல்யாணமாகி ஒன்றரை வருடம். "இவ்ளோ உடம்பு வச்சிருக்கான், இவனுக்கு என்ன குறை" என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, முதல் ஒரு வருடம் ஸ்கேன், ரத்தம் என்று அலைந்தது அந்தப் பெண்தான். கடைசியில் அவன் மாதிரி கொடுத்தான். அளவு சரியாக இருந்தது, உயிரணு பூஜ்யம். மாதிரியைச் சுழற்றி, அடியில் தங்கியதையும் பார்த்தேன். அதிலும் இல்லை. இரண்டாவது முறையும் அப்படியே.

அவனால் நம்பவே முடியவில்லை. காரணம் புரிகிறது. விந்து நீரில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. உயிரணு அதில் மிகச் சிறு பங்கு. அது அடியோடு நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஊசி ஓடும் காலத்தில் ஆசையும் விறைப்பும் பெரும்பாலும் குறைவதில்லை. விதை சுருங்குவதுதான் இதற்கு வெளியே தெரியும் அடையாளம். அதைத்தான் நீங்கள் "சகஜம், சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 1,400. பொதுவாக ஆயிரத்தைத் தாண்டாது. எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் ஏறக்குறைய பூஜ்யம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே ஊசி என்று சொல்லிவிடலாம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த இரண்டு ஹார்மோன்களையும் அனுப்பித்தான் விதையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏறியதும், போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி அது அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. உயிரணு உருவாக விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. அதை விதையே சுரந்தால்தான் உண்டு, எத்தனை ஊசி போட்டாலும் அங்கே அந்த அளவு சேராது. ரத்தத்தில் வெள்ளம், விதைக்குள் வறட்சி.

ஒரு ஆறுதல் இருந்தது.  எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் இறங்கியிருந்தன. அதாவது கட்டளை நின்றிருக்கிறது, அது திரும்பினால் விதை மறுபடி வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது.

டாக்டர் கேட்டபோது முதலில் "புரோட்டீன் பவுடர் மட்டும்தான்" என்றான். மனைவி வெளியே போன பிறகுதான் டெஸ்டோஸ்டிரோனும் டெக்கா என்ற ஸ்டீராய்டு ஊசியும் எட்டு மாதம் போட்டதைச் சொன்னான். ஊசியை நிறுத்தினான். இரண்டு மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன் 110க்கு இறங்கியது. உடம்பு சோர்ந்தது, ஆசை போனது, யாரிடமும் பேசாமல் படுத்துக் கிடந்தான். இந்தக் கட்டத்தில்தான் பையன்கள் திரும்ப உங்களிடம் வருகிறார்கள், நீங்களும் இன்னொரு ஊசி போடுகிறீர்கள். உடனே தெம்பு வரும். பிட்யூட்டரி மறுபடி அடங்கிவிடும். விவரம் தெரியாத டாக்டரும் ரிப்போர்ட்டில் குறைவைப் பார்த்து இதே ஊசியை எழுதிவிடலாம்.

அவனுக்குக் கொடுத்தது வேறு. எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. ஊசி, 2,000 யூனிட், வாரம் மூன்று முறை. கூடவே, பிட்யூட்டரியைத் தட்டி எழுப்ப க்ளோமிஃபீன் மாத்திரை. ஆண்களுக்கென்று அனுமதி பெற்ற மாத்திரை அல்ல அது. டாக்டர் தன் பொறுப்பில், ரத்தம் பார்த்துப் பார்த்துத் தருவது. நான்காம் மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயிரணு தெரிந்தது. ஏழாம் மாதம் மில்லிக்கு 40 லட்சம். பதினோராம் மாதம் 1 கோடியே 80 லட்சம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம்.

ஏன் இத்தனை மாதம்? ஒரு உயிரணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும், வெளியே வர மேலும் சில நாள். ஊசி முடிந்ததும் எல்லாம் சரியாக நீங்கள் 'பி.சி.டி.' என்று கொடுக்கும் மூன்று வார மாத்திரை அதற்குள் முடிந்துவிடும். டெக்கா மாதிரி எண்ணெய் ஊசிகளோ நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் கசிந்துகொண்டிருக்கும். அதுவரை மாத்திரையால் பெரிதாகப் பயனில்லை. வருடக்கணக்கில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து போட்டவர்களில் சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் எண்ணிக்கை எழுவதில்லை.

ஊசியை நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ஏற்கெனவே போட்ட பையன் எவனாவது இருந்தால், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசியாகப் போட்ட தேதி, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுங்கள். டாக்டர் எதிரே அவன் வாய் திறக்க மாட்டான், அந்தத் தாளையாவது நீட்டுவான். அந்தக் கடைசித் தேதியிலிருந்துதான் டாக்டர் மாதக் கணக்கைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்