கடைசிப் படி எங்கே முடிகிறது?

டேய் முருகேசா,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் திரும்பியதிலிருந்து உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மாடிப்படியில் விழுந்து கைக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "வா சங்கரு, காபி சாப்பிடு, நான்தான் போடமுடியல"ன்னு அம்மா சிரித்ததைப் பார்க்கும்போது சங்கடமாக இருந்தது. நீ மருத்துவமனை, பிசியோ, குளியலறைக் கைப்பிடி என்று ஓடிக்கொண்டிருந்தாய், உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. அதான் கடிதம். நீளமாகப் போகும், இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் படி.

நீ சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. "கண்ணெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு, இப்பல்லாம் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிறாங்க." முப்பது வருஷமாகக் கண்ணுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இதைக் கேட்டால் சந்தோஷம் வராது. எழுபத்தெட்டு வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க வந்துவிட்டது என்றால், பெரும்பாலும் கண்புரை முற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகக் கெட்டியாகப் பவர் மைனஸ் பக்கம் நகர்கிறது. கிட்டப்பார்வை தெளிகிறது, தூரப்பார்வை மங்குகிறது. அம்மாவுக்கு வலது கண்ணில் இரண்டு வருஷம் முன்னால் ஆபரேஷன் ஆகிவிட்டது, பேப்பர் படிக்கிறது இடது கண். நீ பிசியோவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தபோது பையிலிருந்த லென்ஸ் செட்டை வைத்துப் பார்த்தேன்: வலது -0.50, இடது -3.25. அம்மா போட்டிருக்கிற பைஃபோகல், ஆபரேஷனுக்கு முன்னால் போட்டது, இரண்டு பக்கமும் -1.00. அதாவது தூரத்துக்கு ஒரு கண்தான் வேலை செய்கிறது, இன்னொன்று மங்கலாக ஒப்புக்குக் கூட வருகிறது. ஆழம் கணிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். ஒரு படி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைத்தான் நாம் அந்தக் கணக்கில் தெரிந்துகொள்கிறோம்.

சரி, விழுந்த இடத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் கேட்டேன், எப்படி விழுந்தீங்கன்னு. "வழுக்கல்லாம் இல்லப்பா. படி முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக் காலை வச்சேன், இன்னும் ஒரு படி இருந்துச்சு." நீ செருப்பைக் குறை சொன்னாய், செருப்பு பாவம். கடைசிப் படியும் கீழே ஹால் தரையும் ஒரே பழுப்பு நிற டைல்ஸ், அதே பளபளப்பு, மேலே புள்ளிப் புள்ளியாய் டிசைன். மாடியிலிருந்து இறங்கி நிற்கிறவருக்குப் படியின் நுனி எங்கே, தரை எங்கே என்று பிரிக்க ஒரு கோடு வேண்டாமா? வீடு கட்டும்போது அழகாகத்தான் இருந்தது, நானே பாராட்டினேன்.

இதோடு பைஃபோகல் சேர்கிறது. அதன் கீழ்வட்டம் +2.50 கூடுதல், நாற்பது சென்டிமீட்டரில் படிக்கத்தான் அது. அம்மா நின்று குனிந்து பார்க்கும்போது அடுத்த படி கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கும். தலையைத் தாழ்த்தாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கினால் அந்தக் கீழ்வட்டம் வழியாகத்தான் படி தெரியும், அதாவது தெரியாது. நீ வேண்டுமானால், மேலிருந்து கீழே கோடில்லாமல் பவர் மாறுகிற உன் ப்ரோக்ரசிவைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்று, மோவாயை உயர்த்தியபடி கண்ணை மட்டும் தாழ்த்திப் பார். பாதம் வரைக்கும் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். (கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செய்.)

அடுத்தது வெளிச்சம். மாலை ஆறரை மணிக்கு அம்மா இறங்கி வரும் நேரத்தில் நானும் மாடியில் போய் நின்றேன். கீழே சுவரில் ஒரு ட்யூப்லைட், முகத்துக்கு நேராக. இறங்குகிறவர் கண்ணில் அது அடிக்கிறது, படிகளின் மேல் விழுவதில்லை. டைல்ஸ் பளபளப்பு அதைத் திருப்பி வேறு அடிக்கிறது. சுவிட்ச் கீழே மட்டும்தான், அதனால் மேலேயிருந்து இறங்குகிறவர் இருட்டில்தான் வந்து போடவேண்டும். போதாததற்குக் கரண்ட் வீண் என்று அதையும் அணைத்து வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்கு என்று எனக்குத் தெரியும். 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கருவிழியின் நடுவே உள்ள பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளடிக்கிறது. உனக்குப் போதுமான வெளிச்சத்தில் அம்மா பாதி இருட்டில் நடக்கிறாள். வெளிச்சமான ஹாலிலிருந்து இருண்ட படிக்கட்டுக்கு வந்தால் அந்தக் கண் பழக நமக்கு ஆவதைவிட ரொம்ப நேரம் ஆகும்.

ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் டூ-வே சுவிட்ச் போடச் சொல். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த ட்யூப்லைட்டை எடுத்துவிட்டு, படிக்கட்டுக்கு நேர் மேலே கூரையில், உள்ளே பல்பு தெரியாத மங்கல் கண்ணாடி மூடி போட்ட எல்இடி வை. வெளிச்சம் மேலிருந்து படியின் மேல் விழவேண்டும், ஆளின் நிழல் படியில் விழாதபடி இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. படுக்கையறையிலிருந்து பாத்ரூம் வரை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ராத்திரி முழுக்க எரிகிற ஜீரோ வாட்ஸ் மாதிரி ஒரு சின்ன விளக்கு. அது போதும், அங்கே படிகள் இல்லை.

படி நுனிக்குத்தான் நான் உன்னிடம் அதிகம் வலியுறுத்தப் போகிறேன், ஏனென்றால் இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். என் வீட்டில் மாமனாருக்காகப் படிகளில் கோடு போட்டேன். சிமெண்ட் நுனி அங்கங்கே உடைந்திருந்தது, அதனால் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி டேப் ஒட்டினேன். பார்க்க நேராக இருந்தது. இரண்டாம் நாள் இறங்கும்போது அவர் குதிகால் படியின் நுனியில் இடித்துத் தடுமாறினார், நல்லவேளை கைப்பிடி இருந்தது. கண் அந்தக் கோட்டைத்தான் படியின் விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறது, கால் அதற்கேற்றபடி முன்னே போகிறது. உண்மையான விளிம்பு ஒரு அங்குலம் வெளியே இருக்கிறதே! உள்தள்ளிய கோட்டைவிடக் கோடே இல்லாமலிருப்பது மேல். அதனால் கோடு நுனியோடு நுனியாக, ஒரு இம்மியும் பின்னால் போகாமல், படியின் முழு அகலத்துக்கும், மேற்பக்கத்தில் இரண்டு அங்குலப் பட்டையாக வேண்டும். எல்லாப் படிக்கும் ஒரே மாதிரி, கடைசிப் படி உட்பட. கடைசிப் படியை விட்டுவிட்டால் இந்த வேலையே வீண்.

நிறத்தை எப்படித் தேர்வு செய்வது? செல்போனில் படிக்கட்டை மேலிருந்து ஒரு படம் எடு, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். படிகளின் நுனி அதில் காணாமல் போனால் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட காணாமல்தான் போகிறது. அம்மாவின் பழுப்பு டைல்ஸ்மேல் சிவப்புப் பட்டை ஒட்டினால் நமக்குப் பளிச்சென்று தெரியும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். நிறத்தில் இல்லை விஷயம், வெளிறியதா அடர்த்தியா என்பதில்தான். அந்த டைல்ஸ் நடுத்தரப் பழுப்பு என்பதால் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள், சொரசொரப்பான வழுக்காத டேப்பாக வாங்கு. ஓரம் உரிந்து தூக்கிக்கொண்டால் அன்றைக்கே மாற்றிவிடு, உரிந்த டேப்பே காலை வாரிவிடும்.

இப்போது கண்ணாடி. இதில்தான் நீ அவசரப்படுவாய் என்று பயம், ஏனென்றால் நீ கடைக்குப் போனால் அவர்கள் புதுசாய் ஒரு ப்ரோக்ரசிவ் தலையில் கட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு வேண்டாம். 2007-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் 70 வயது தாண்டிய 616 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள்: ஒரு பிரிவுக்குக் கண் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி முதலான சிகிச்சைகள் கொடுத்தார்கள், மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பார்வை சரியானால் விழுவது குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் புதுக் கண்ணாடிப் பிரிவில்தான் அதிகம் விழுந்தார்கள். பவர் பெரிதாக மாறினால் உலகம் பெரிதாகவோ சின்னதாகவோ தெரியும், தரை உயர்ந்தோ இறங்கியோ தெரியும், அந்த வயதில் உடம்பு பழகிக்கொள்ள நாளாகும், அதுவரை கால் தப்பும் என்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அம்மாவின் இடது கண்ணுக்கு இப்போது முழுப் பவர் கொடுத்தால் ஒரேயடியாக இரண்டேகால் பவர் தாவவேண்டும். நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். கண் டாக்டரிடம் கூட்டிப் போய் இடது கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கேள், வலது கண்ணோடு ஒத்துப்போகிற லென்ஸாக வைக்கச் சொல், கண் ஆறி பவர் நின்றபிறகு என்னிடம் கூட்டி வா, பழைய மாதிரியே பைஃபோகல் போடலாம். அதுவரைக்கும் பழைய கண்ணாடியே இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் பழக்கிவிடு: படி இறங்கும்போது மோவாயை நெஞ்சுக்குத் தாழ்த்தி, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்கவேண்டும், ஒரு கை கைப்பிடியில். "தலையைக் குனிஞ்சு வாங்கம்மா" என்று நீ மேலேயே நின்று பத்து நாள் சொன்னால் வந்துவிடும்.

உனக்கு வேறு மாதிரி. நீ தினமும் காலையில் அம்மாமண்டபம் வரை நடக்கிறாய், பஸ் ஏறி இறங்குகிறாய். வெளியே நிறைய நடமாடுகிற முதியவர்கள் வெளியில் போகும்போது பைஃபோகலையும் ப்ரோக்ரசிவையும் கழற்றிவிட்டு தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி போட்டால் விழுவது குறைகிறது என்று 2010-ல் அதே சிட்னியில் பார்த்தார்கள். வீட்டோடு இருப்பவர்களிடம் அதே யோசனை எதிர்மாறாகப் போனது, வெளியே போனபோது அதிகம் விழுந்தார்கள். அதனால்தான் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணாடி வேண்டாம் என்கிறேன், உனக்கு வேண்டும் என்கிறேன். பவர் என்னிடம் இருக்கிறது, ஃப்ரேம் மட்டும் நீ எடுத்து வை.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பு, டேப் வெள்ளையா வெளிர் மஞ்சளா என்று பார்த்துச் சொல்கிறேன். ஒட்டும்போது நுனியில் ஒட்டுகிறானா என்று பக்கத்திலேயே நில், ஆள் வைத்து ஒட்டவிட்டால் அவன் அழகுக்காக உள்ளே தள்ளி ஒட்டிவிடுவான். அம்மாவிடம் நான் கேட்டேன் என்று சொல், கைக்கட்டுப் பிரித்ததும் காபி அவர் கையால்தான்.

உன்,
சங்கர்