பவர்பாயிண்ட் கோப்பிலிருந்து மேடைக்கு: தோழிக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்,
அக்டோபர் 9

அன்புத் தோழி,

உன் கடிதமும், விழாக் குழுவினர் உனக்குத் தந்த பவர்பாயிண்ட் கோப்பின் அச்சுப்பிரதியும் நேற்று வந்து சேர்ந்தன. நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளான நவம்பர் 1 விழாவை மார்த்தாண்டத்தில் நீ தொகுத்து வழங்கப் போகிறாய் என்றதும் அம்மாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டால் வருவேன் என்கிறார். மகன் திருவனந்தபுரத்தில் வேலையில் சேர்ந்துவிட்டான். சனிக்கிழமைதோறும் ரயிலில் வந்து போகிறான்.

ஸ்லைடுகளில் இருப்பதை நல்ல வாக்கியங்களாக எழுதிவிட்டால் தொகுப்புரை தயாராகிவிடாதா என்று கேட்டிருந்தாய். ஆகாது. அந்தக் கோப்பு குழுவினர் தங்கள் வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வதற்காகச் செய்தது. எந்தக் கலை எத்தனை நிமிடம் என்பது அதில் இருக்கிறது. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறி அமர எவ்வளவு நேரமாகும் என்பது எங்கேயும் இல்லை. நீ பேசப் போவதோ அந்த நேரத்தில்தான். அதனால் பேனாவை எடுக்குமுன் கடிகாரத்தை எடு.

உன் கோப்பையே கணக்குப் பார்த்தேன். தொடக்கத்துக்கு 30 நிமிடம். களியல் 15, வில்லுப்பாட்டு 30, கணியான் கூத்து 25, தோற்பாவைக் கூத்து 30. நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் 10. ஆக 140 நிமிடம். 6 மணிக்குத் தொடங்கினால் 8.20, குழுவினர் 8.30 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இப்போது மேடை மாறும் நேரத்தைச் சேர்ப்போம். களியல் விளக்கைச் சுற்றி ஆடுவது. நடுவில் அந்த விளக்கை வைக்க 3 நிமிடம். அதை எடுத்துவிட்டு வில், குடம், உடுக்கை எல்லாவற்றையும் பரப்பி ஒவ்வொன்றுக்கும் மைக் சரிபார்க்க 6 நிமிடம். கணியான் கூத்துக்காரர்கள் நின்று பாடி ஆடுபவர்கள். 3 நிமிடம் போதும். தோற்பாவைக்குத் திரை கட்டி, பின்னால் விளக்கு பொருத்தி, பாவைகளை வரிசைப்படுத்த 12 நிமிடம். மொத்தம் 24. விழா முடிய 8.44 ஆகிவிடும். கடைசியில் இருக்கும் பாவைக்கூத்தைச் சுருக்கச் சொல்வார்கள். அந்தக் கலைஞர்களுக்கு அது பெரிய அநியாயம்.

இதைச் சரிசெய்ய வழி அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. தொடக்கத்தின் 30 நிமிடத்தில் 10 நிமிடம் விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு. அதை அங்கிருந்து எடுத்து, பாவைக்கூத்துக்குத் திரை கட்டும் 12 நிமிடத்துக்குள் வைக்கச் சொல். மேடையின் முன்விளிம்பில் பொன்னாடை. பின்னால் திரை கட்டுவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 5 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணைப்படி பாடும் நேரம் 55 விநாடிதான். இதில் 4 நிமிடம் மிச்சம். இப்போது கூட்டிப் பார், சரியாக 8.30 வருகிறது. தள்ளிப்போடாமல் இன்றே குழுவிடம் இதைப் பேசிவிடு; விருந்தினர்களுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள்.

இடைவெளிகள் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு இணைப்புரையின் நீளமும் தெரிந்துவிடும். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 80 சொல் வருகிறது; நீ வேகமாகப் பேசுபவள், உரக்க வாசித்து உன் கணக்கைத் தெரிந்துகொள். வில்லுப்பாட்டுக்கு முன்னுள்ள 6 நிமிடத்தையும் பேசி நிரப்ப வேண்டியதில்லை. களியல் ஆசானையும் ஆடியவர்களையும் பெயர் சொல்லி அனுப்பிவைக்க 2 நிமிடம், வில்லுக்கு 3 நிமிடம், கைதட்டலுக்கு மீதி. இணைப்புரையை வெட்டக்கூடிய துண்டுகளாக எழுது. முதல் துண்டும் கடைசி வாக்கியமும் கட்டாயம். நடுவில் உள்ளவை மேடை தயாராகிவிட்டால் விட்டுவிடக்கூடியவை. கடைசி வாக்கியத்தை மட்டும் அன்று மாற்றாதே. ஒலி, ஒளி பார்ப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் கையை நகர்த்துவார்கள். அதுவும் பாவைக்கூத்துக்கு முன் நீ படியிறங்கிய பிறகே விளக்கை அணைக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லிவை.

இனி என்ன பேசுவது. வில்லுப்பாட்டு ஸ்லைடில் இருப்பது இவ்வளவுதான்: "மாவட்டத்தின் தொன்மையான கலை. கலைஞர்கள் 7. கருவிகள்: வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை." இதை அப்படியே வாசித்தால் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். பார்ப்பவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வேலை கொடு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் ஆசான்மார் வளர்த்த களியலைப் பார்த்தீர்கள். இப்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் போகிறோம். கோயில் கொடையில் விடிய விடியக் கேட்ட சத்தம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வில்லின் நாணை வீசுகோல் தட்ட, அதில் கட்டிய மணிகள் ஒலிக்கும்போது கேளுங்கள். தலைமைப் பாடகர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' என்பார்கள். அவர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். இதோ, வில்லிசைக் குழுவினர்."

கதையை நீ சொல்லிவிடாதே. எந்தக் கதை என்று ஸ்லைடில் போட்டிருந்தாலும் சொல்லாதே. காப்பும் குரு வணக்கமும் அவையடக்கமும் பாடி, கதைக்குள் அழைத்துப் போவது புலவரின் வேலை. அவர் சிரிக்க வைக்கப்போகும் இடத்தை நீ முன்னாலேயே சொல்லிவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

1956 நவம்பர் 1 அன்று நம் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாறு ஒரே ஸ்லைடில் இருக்கிறது. அதை வரவேற்பிலேயே கொட்டிவிடாமல் பிரித்து வைத்துக்கொள். நான்கு தாலுகாப் பெயர்களையும் இணைப்புரைகளின் நூலாக எடு. மேலே எழுதிக் காட்டியது அப்படித்தான். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களை மட்டும் தொடக்கத்திலேயே, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போதே நினைவுகூர். அந்த ஊர் மேடையில் அதை இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே சொல்வது சரியாக இருக்காது.

கணியான் கூத்துக் குழுத் தலைவரிடம் ஒரு தடவை போனில் பேசு. மகுடம் என்ற அவர்களுடைய பறையின் தோலைத் தீயில் வாட்டித்தான் சுருதி சேர்ப்பார்கள். ஐப்பசி ஈரத்தில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும். பந்தலுக்குப் பின்னால் தீ மூட்ட நனையாத இடம் வேண்டும் என்பது எந்த ஸ்லைடிலும் இல்லை. வாட்டி முடியவில்லை என்று சைகை வந்தால் நீ பேச்சை நீட்ட வேண்டியிருக்கும். அதற்காக 2 நிமிடத் துண்டு ஒன்று தனியாக எழுதி வைத்துக்கொள். அதே போனில் கலைஞர்களின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள். கோப்பில் இருப்பது தொடர்புக்கான ஆளின் பெயர், பாடுபவரின் பெயர் அல்ல. இந்த ஒன்றில் தவறினால் எவ்வளவு அழகாகப் பேசியும் பயனில்லை.

எழுதி முடித்ததும் தாளின் இரு பக்கமும் அச்சிடாமல் ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில், ஓர் இணைப்புரைக்கு ஒரு தாள் என்று அச்சிடு. நிகழ்ச்சி வரிசை கடைசி நேரத்தில் மாறினால் தாளை மாற்றி வைத்தால் போதும். பாவைக்கூத்துக்கான இணைப்புரையை முதலில் எழுதி எனக்கு அனுப்பு, அதற்குத்தான் நேரம் நெருக்கடி. குழுவினர் பொன்னாடையை நகர்த்த ஒப்புக்கொண்டார்களா என்பதையும் எழுது. அம்மாவின் நாற்காலியை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் தோழி