பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவதில்லை

நம் பட்டணத்துச் சமூக மாத இதழின் ஆசிரியர் குழுவுக்கும், அதில் பத்தி எழுதும் ஆலோசகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற மாத ஆலோசனைப் பத்தியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதழ் வந்த இரண்டாம் நாளே, அது யாருடைய கதை என்று பாசார் மாலாமில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அந்தப் பத்தியில் இருந்த எதையும் இங்கே திரும்ப எழுத மாட்டேன். எழுதினால் அதே தவற்றை நானும் இன்னொரு முறை செய்ததாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரே ஒருவரை நம்பிச் சொன்ன வாக்கியத்தை, அதே சொற்களில், கடைவாசலில் வேறொருவர் வாயால் கேட்கும்படி ஆயிற்று அவருக்கு.

"பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தோமே" என்கிறீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் கைவிட வேண்டும். என் கோரிக்கை ஒன்றே: நாடி வந்தவர், அச்சுக்குப் போகும் வடிவத்தைத் தாமே படித்து, சரி என்று எழுத்தில் தராதவரை, ஒருவருடைய கதையை வெளியிடாதீர்கள். அந்த ஒப்புதல் இல்லையென்றால் கதையை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் எழுதுங்கள்.

பெயரை மாற்றுவது ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது முழுக்கக் கற்பனை, யாரையும் குறிப்பதல்ல. "செல்வி, வயது 34. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. கணவர் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். மூன்று பிள்ளைகள், மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு." இப்படித்தானே பத்திகள் தொடங்குகின்றன? பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் சேர்த்து 400 தமிழ்க் குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் 60 பேர் இருக்கலாம். அவர்களில் கணவர் சிங்கப்பூரில் இருப்பவர்கள் எட்டுப் பேர். மூன்று பிள்ளைக்காரிகள் மூன்று பேர். மூத்தவன் ஐந்தாம் ஆண்டு என்றதும் மிஞ்சுவது ஒருவர். இந்தக் கணக்கில் செல்வி என்ற பெயருக்கு வேலையே இல்லை. பள்ளி வாசலில் நிற்கும் எந்தத் தாயும் இதை அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். கோலாலம்பூர் நாளிதழில் வந்திருந்தால் இதே நான்கு வரி ஆயிரம் பேருக்குப் பொருந்தியிருக்கும். லயத்து வீட்டில் அடுத்த வீட்டு இருமல் கேட்டு வளர்ந்த ஊரில் ஒருவருக்குத்தான் பொருந்தும்.

பிராய்ட் 1905இல் ஓர் இளம்பெண்ணின் சிகிச்சை விவரத்தை வெளியிட்டபோது, நான்கு ஆண்டுகள் காத்திருந்துதான் வெளியிட்டார். அவள் வாழ்க்கையில் நடந்தவை வியன்னாவில் நடக்கவில்லை, தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் நடந்தன என்பதையும் பாதுகாப்பாகச் சொன்னார். அப்படியிருந்தும் அந்தப் பெண் யார் என்பது பின்னால் வெளியே வந்தது. நம் நிலைமையோ நேர்மாறு. சம்பவமும் சிற்றூரில், வாசகரும் அதே சிற்றூரில்.

சரி, விவரங்களையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். இதில் இரண்டு கேடுகள் உண்டு. செல்வியைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துக் கிளினிக்கில் தாதியாக வைக்கிறீர்கள். ஊரில் இருப்பதே இரண்டு கிளினிக். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண், எந்த ஆலோசகர் அறைப் படியையும் மிதிக்காதவள், மறுநாள் தன் மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவரை மறைக்கப் போய் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். இரண்டாவது, பாடத்தைத் தாங்கும் விவரத்தையே மாற்றிவிடும் ஆபத்து. கணவனை அண்ணனாக்கினால் வீட்டில் யாருக்கு யார்மேல் அதிகாரம் என்பதே மாறிப்போகும். அப்புறம் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் பாடமும் பொய்யாகும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதனால்தான், அடையாளம் காட்டும் விவரம் தேவையில்லையென்றால் விட்டுவிடுங்கள் என்கிறது. தேவையென்றால் நோயாளியிடம் கையெழுத்துப்படியைக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. அதையேதான் நானும் கேட்கிறேன்.

ஆகவே மாற்றாதீர்கள், கழியுங்கள். ஒவ்வொரு விவரத்தையும் விரலால் மூடிவிட்டு, "இது இல்லாவிட்டால் பாடம் நிற்குமா?" என்று கேளுங்கள். செல்வியின் கதையில் பாடம் என்னவென்று வைத்துக்கொள்வோம்: அவர் தூக்கமில்லை என்று வந்தார், மூன்று சந்திப்புகள் தூக்கத்தைப் பற்றியே போயின, நான்காவதில்தான், சம்பளம் விழும் வங்கி அட்டை தன் கையில் இல்லை என்று சொன்னார். இந்தப் பாடத்துக்கு வயது வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம், சிங்கப்பூர் வேண்டாம், பிள்ளைகள் எத்தனை என்பதும் வேண்டாம். பெண் என்பதுகூட வேண்டாம். எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவது இவ்வளவுதான்:

"தூக்கமில்லை என்று வருகிறவரிடம் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சம்பளம் வங்கியில் விழுந்ததும் அட்டை யார் கையில் இருக்கிறது? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வரும் கடிதத்தை யார் பிரிக்கிறார்கள்? சொந்தச் சம்பளத்தைத் தொட முடியாதவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, தூக்கமின்மையாகவும் தலைவலியாகவும் சொல்வதுண்டு."

இதில் யாரும் இல்லை. ஆனால் படிக்கும் இளம் ஆலோசகர் நாளைக் காலையே இதைப் பயன்படுத்தலாம். கதையாக எழுதியிருந்தால் கண்ணீர் வந்திருக்கும். இந்த மூன்று கேள்விகள் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

கழித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவை மூன்று. முதலாவது, அவர் பேசிய பேச்சு. ஒருவர் வழக்கமாகச் சொல்லும் உவமை, வைதல், பாட்டியிடமிருந்து வந்த பழமொழி ஆகியவை கைரேகை மாதிரி. மேற்கோள் குறிக்குள் எதையும் போடாதீர்கள். கருத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள். இரண்டாவது, நேரம். "சென்ற வாரம் என்னிடம் வந்த ஒருவர்" என்ற தொடக்கம், கடைவரிசையின் மாடிப்படியில் யார் ஏறினார் என்று பார்த்தவருக்குப் பதிலைக் கொடுத்துவிடுகிறது. மூன்றாவது, எழுதுகிறவரின் பெயர். ஊரில் இருப்பதே ஓரிரு ஆலோசகர்கள் என்றால் உங்கள் பெயரே பாதி அடையாளம். புனைபெயர் இதற்கு மருந்தல்ல. அது எழுதுகிறவரைக் காக்கும். நாடி வந்தவரைக் காக்காது. ஒரு நாள் அது யார் என்று தெரிந்துவிட்டால் பழைய இதழ்களில் வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு வருவார்கள். கதையாகத்தான் எழுத வேண்டும் என்றால், வேறு மாநிலத்தில் பணிபுரியும் ஒருவரை அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

வழக்கறிஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "திறந்த நீதிமன்றத்தில் பேசியதுதானே" என்று சிலர் சொல்கிறீர்கள். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. வழக்கு முடிந்து நீங்கள் விலகிய பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2018இல் தந்த கருத்துரை, பொதுப் பதிவில் இருக்கும் செய்தியாயினும் அதைப் பற்றிப் பொதுவெளியில் எழுத வழக்கறிஞருக்குத் தானாக உரிமை வந்துவிடாது என்றது. கற்பனை வழக்கு என்று சொல்லிக்கொண்டாலும், ஆளைக் கண்டுபிடிக்க இடமிருந்தால் அது மீறல்தான் என்றும் சொன்னது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் கட்சிக்காரர்களை முதற்பெயராலும் சிறை எண்ணாலும் குறித்து எழுதிய ஒரு வழக்கறிஞரின் உரிமம் 2010இல் 60 நாள் நிறுத்தப்பட்டது. சிறார் கதையில் வந்தால் இன்னும் கடுமை. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு பெயரையும் முகவரியையும் மட்டும் தடுக்கவில்லை, படிக்கும் பள்ளியையும் சேர்த்துத் தடுக்கிறது. "நம் தமிழ்ப்பள்ளி மாணவன்" என்று எத்தனை பத்திகளில் எழுதியிருக்கிறீர்கள் என்று பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள்.

ஒப்புதல் வாங்குவதிலும் நேர்மை வேண்டும். ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால், மாட்டேன் என்று சொன்னால் உதவி நின்றுவிடுமோ என்று பயந்து தலையாட்டுவார்கள். கோப்பை மூடிய பிறகு கேளுங்கள். நீங்களே கேட்காமல் அலுவலகத்தில் வேறொருவர் கேட்டால் இன்னும் நல்லது. அவர் வாசிக்கும் மொழியில் கொடுங்கள், வாசிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் படித்துக் காட்டுங்கள். அச்சாகும் நாள் வரை, காரணம் சொல்லாமல் பின்வாங்க அவருக்கு உரிமை உண்டு என்று தாளிலேயே எழுதுங்கள். அவர் சம்மதித்தாலும் கதையில் வரும் கணவரும் பிள்ளையும் சம்மதிக்கவில்லை என்பதை மறக்காதீர்கள். வீட்டில் அடி உதை இருக்கும் வழக்கில், இதழைக் கணவன் கையில் எடுத்துப் படிப்பான் என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பாருங்கள். அப்படிப்பட்ட வழக்கில் ஒப்புதல் இருந்தாலும் வெளியிடாமல் இருப்பதே சரி என்பது என் எண்ணம்.

இதழை மட்டும் குற்றம் சொல்லவில்லை. கோயில் திருவிழா மேடையிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், திருமண வீட்டு விருந்திலும், "நான் பார்த்த ஒரு கேஸ்" என்று தொடங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். ஓர் ஏழைப் பெண்ணின் அழுகை கைத்தட்டல் வாங்கும் பொருளாகிவிட்டது. தோட்டத்து மக்கள் ஆலோசகர் அறைக்கு வருவதற்கே எத்தனை தடை தாண்டி வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பத்தி பத்துப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன். நாடி வந்தவர் படித்து ஒப்பாத கதையை வெளியிடாதீர்கள். அடுத்த இதழ் அச்சுக்குப் போகும்முன், பத்தியை இந்த ஊரில் பிறந்து வளர்ந்த, வழக்கை அறியாத ஒருவரிடம் கொடுத்து, "இது யார்?" என்று கேளுங்கள். அவர் வாயில் ஒரு பெயர் வந்தால், அது தவறான பெயராக இருந்தாலும், அந்தப் பத்தி போகக் கூடாது.

சென்ற மாதப் பத்திக்காக இதழில் மன்னிப்புக் குறிப்பு போடாதீர்கள். படிக்காதவர்களும் பழைய இதழைத் தேடிப் படிப்பார்கள். நூலகத்திலும் கோயில் அலுவலகத்திலும் மிஞ்சியிருக்கும் பிரதிகளை அமைதியாக எடுத்துவிடுங்கள். ஆசிரியர் ஒருவர் மட்டும், அந்தக் கதைக்கு உரியவர் விரும்பினால், அவர் சொல்லும் இடத்தில், அவரைப் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்பதையும் எங்கும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
இதே வட்டாரத்தில் பணிபுரியும் ஓர் ஆலோசகர்

(பெயர் போட்டால், அவர் என்னிடம் வந்தவரா என்று ஊர் யோசிக்கத் தொடங்கும். அதனால் போடவில்லை.)